ஏழு நிமிடம் பின்னால்

இரண்டாம் எண் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த அன்று பகல் ஷிஃப்ட் ஆபரேட்டர் நான்தான். அதைப் பற்றிய அறிக்கையை எழுதியவனும் நான்தான். அந்த அறிக்கையில் ஒரே ஒரு வரிதான் பொய். மற்றதெல்லாம் நிமிடம் பிசகாத உண்மை. அந்த உண்மைகளில் ஒன்றைக்கூட எவனும் நம்பவில்லை. அந்தப் பொய்யை மட்டும் கடைசிவரை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

செத்தவர் எங்கள் ஃபோர்மேன். என் மனைவியின் அண்ணன். எனக்கு வேலை வாங்கித் தந்தவர், பிறகு தங்கையையும் தந்தவர். நிலையத்தில் எல்லோரும் அவரை 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் போய் நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அதன் ரீங்காரத்தைக் கேட்டுவிட்டு 'கோர் போல்ட் லூஸு' என்பார். திறந்து பார்த்தால் லூஸாகத்தான் இருக்கும். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவிகள் பெட்டிக்குள் தூங்கும். இன்ஜினியர்கள் மச்சானின் காதை நம்பி சார்ஜ் செய்வார்கள். பழுதாகி நின்ற டிரான்ஸ்ஃபார்மருக்கு மறுபடி மின்சாரம் கொடுக்கிறபோதெல்லாம் அவர் பக்கத்தில் நின்று கேட்பார், சத்தம் சரியில்லை என்றால் கையை ஆட்டுவார், நான் ஜன்னல் வழியாகப் பார்த்து டிரிப் செய்து துண்டிப்பேன். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. பதினொரு வருடமாக நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு நடந்ததை நான் அறிக்கையில் எழுதிய மாதிரியே தருகிறேன். படிக்கிறவர்கள் அலுத்துக்கொள்ளக் கூடாது, என் தலையெழுத்து இந்த நேரங்களில்தான் இருக்கிறது. புக்கோல்ஸ் என்பது எண்ணெய்க்குள் வாயு சேர்ந்தால் எச்சரிக்கிற கருவி, கொடி என்பது எந்த ரிலே வேலை செய்தது என்று காட்ட விழுகிற சின்னத் தகடு.

'பகல் 12.31. டிரான்ஸ்ஃபார்மர் எண் 2, புக்கோல்ஸ் அலாரம். எண்ணெய் வெப்பம் 78 டிகிரி.

12.52. எண் 2 டிரிப். 110 கே.வி., 11 கே.வி. இரு பிரேக்கர்களும் திறந்தன. விழுந்த கொடி: புக்கோல்ஸ் டிரிப். டிஃபரன்ஷியல் ரிலே இயங்கவில்லை.

12.58. 11 கே.வி. பஸ் கப்ளர் மூடப்பட்டு முழு லோடும் எண் 1-க்கு மாற்றப்பட்டது.

1.20. எண் 2-இன் இருபுற ஐசோலேட்டர்களும் திறக்கப்பட்டு, எர்த் செய்யப்பட்டு, ஃபோர்மேனிடம் பர்மிட் வழங்கப்பட்டது. புக்கோல்ஸில் சேர்ந்த வாயு வெளியேற்றப்பட்டது. மெக்கர் அளவுகள் திருப்தி.

2.16. பர்மிட் திரும்பப் பெறப்பட்டது.

2.17 முதல் 2.20. எர்த் நீக்கப்பட்டு 110 கே.வி. ஐசோலேட்டர் மூடப்பட்டது.

2.21. இன்ஜினியரின் தொலைபேசி உத்தரவுப்படி 110 கே.வி. பிரேக்கர் மட்டும் மூடப்பட்டது, 11 கே.வி. பக்கம் திறந்த நிலை. மூடியவுடன் டிரிப், வெடிப்பு, தீ. கொடிகள்: டிஃபரன்ஷியல் R ஃபேஸ், மதிப்பிட்ட கரண்டைப் போல் 6.4 மடங்கு, எர்த் ஃபால்ட், புக்கோல்ஸ், பிரஷர் ரிலீஃப்.

2.22. தீ பரவியதால் எண் 1 கையால் டிரிப் செய்யப்பட்டது. நிலையம் முழுவதும் சப்ளை இல்லை.

2.23. கண்ட்ரோல் சென்டருக்குத் தகவல். 2.24. தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல்.

3.12. தீ அணைந்தது. 3.58. எண் 1 சோதித்து சார்ஜ் செய்யப்பட்டது. 4.06. மருத்துவமனை ஃபீடர். 4.09. குடிநீர் ஃபீடர். 4.37. கடைசி ஃபீடர். சப்ளை முழுவதும் சீரானது.'

இதற்குக் கீழே அந்த ஒரு வரி இருந்தது.

'பர்மிட்டைத் திரும்பக் கொடுத்த ஃபோர்மேன், ஆபரேட்டருக்குத் தெரியாமல் தன்னிச்சையாக யார்டுக்குள் சென்றிருக்கிறார்.'

அவரை அனுப்பியது நான். வேலை முடிந்தது, இனி உள்ளே ஆள் இல்லை என்று பர்மிட் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் என் மேஜை மீது இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். 'மாப்ளே, அந்த காஸ் கருகின வாடை அடிக்குது. எனக்குப் பிடிக்கல' என்றார். அதை நான் ஏற்கெனவே இன்ஜினியரிடம் போனில் சொல்லியாகிவிட்டது. இன்ஜினியர் பதற்றத்தில் இருந்தார். நல்ல வெயில், ஊரின் லோடு முழுவதும் முதலாம் எண் தலையில், அதன் வெப்பம் ஏறிக்கொண்டே போனது. போன வாரம் எண்ணெய் வடிகட்டியதில் புகுந்த காற்றுதான் அது, உள் பழுதைக் காட்டுகிற டிஃபரன்ஷியலே பேசவில்லையே, மின்காப்பை அளக்கிற மெக்கர் சரியாக இருக்கிறதே, லோடு இல்லாமல் சார்ஜ் செய்து பார் என்றார். லாக் புத்தகத்தில் எழுத அந்த உத்தரவுக்கு எண் கேட்டேன். பிறகு தருகிறேன் என்றார். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

சுருளுக்குள் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே காப்பு எரிந்தால் மெக்கருக்குத் தெரியாது. வாயுவைச் சோதனைக்கு அனுப்பாமல் சார்ஜ் செய்யக் கூடாது. இது எனக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும், இன்ஜினியருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் சொன்ன வார்த்தை இதுதான்:

"கிட்ட போய் நின்னு கேளுங்க மச்சான். ஒரு மாதிரி இருந்தா கைய ஆட்டுங்க, தட்டிடறேன்."

அவர் போனார். எர்த்தும் ஐசோலேட்டரும் மோட்டாரில் ஓடுகிறவை. நான் அறையைவிட்டு நகரவே தேவையில்லை. பிரேக்கர் கைப்பிடியைத் திருப்பினேன். கையை ஆட்ட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. தொட்டி வாய் பிளந்து, கொதிக்கிற எண்ணெய் முழுவதும் அவர் நின்ற பக்கமாகக் கொட்டி எரிந்தது. ஜன்னல் கண்ணாடி என் மடியில் கிடந்தது. முதலாம் எண்ணைத் தட்டிவிட்டு, போன் செய்துவிட்டு, நுரைக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதை அணைப்பது என்று தெரியாமல் டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிட்டு அவரை அணைத்தேன். அணைத்து என்ன ஆகப் போகிறது.

நாலு முப்பத்தேழுக்கு ஊருக்கெல்லாம் விளக்கு வந்தது. ஆறு மணிக்கு அறிக்கை வேண்டும் என்று மேலிடம் கேட்டது. சவக்கிடங்கில் என் மனைவியை யாரோ பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் இந்த வரியை எழுதிக்கொண்டிருந்தேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால், பயம். வேறு அழகான காரணம் எதுவும் கிடையாது. பர்மிட் திரும்பிய பிறகு ஆளை உள்ளே அனுப்பினேன் என்று எழுதினால் அன்றைக்கே வேலை போகும். மச்சான்தான் போய்விட்டார், ஒரு வரி அவரை மேற்கொண்டு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். செத்தவர்மீது பழி போடுவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து சோதனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல பையனுமில்லை, கெட்டவனுமில்லை. லேப்டாப்பைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்காத ஆள். டிஃபரன்ஷியல் ரிலேயில் ஒயரைச் சொருகி அதன் நினைவில் இருந்த பதிவை எடுத்துக்கொண்டு போனார். பதிவு இப்படி இருந்தது: R ஃபேஸ், 6.4 மடங்கு, 28 மில்லி செகண்டில் டிரிப். நேரம் 14 மணி 14 நிமிடம் 07 நொடி.

எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. அந்த ரிலேயின் கடிகாரம் ஏழு நிமிடம் பின்னால் ஓடுகிறது என்பது எங்கள் நாலு ஆபரேட்டர்களுக்கும் தெரியும். வருடக்கணக்காக அப்படித்தான். அதைத் திருத்தும் பாஸ்வேர்டு சோதனைப் பிரிவிடம் இருந்தது. அவர்களிடம் கடிதம் போட்டுக் கேட்க எங்களுக்குச் சோம்பல். ரிலேயில் என்ன நேரம் காட்டினாலும் ஏழைக் கூட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்து, லாக் புத்தகத்தில் எழுதுவோம். புதிதாக வருகிற ஆபரேட்டருக்குக் கழிவறை எங்கே என்று காட்டும்போதே இதையும் சொல்லிவிடுவோம்.

விசாரணை அதிகாரி மூன்றாவது வாரம் கூப்பிட்டார். கசங்காத சட்டை, மெல்லிய குரல். முன்னால் இரண்டு தாள்களை வைத்திருந்தார். ஒன்று ரிலே பதிவு, இன்னொன்று பர்மிட் புத்தகத்தின் நகல். ரிலேப்படி வெடித்தது 2.14-க்கு. பர்மிட் திரும்பியது 2.16-க்கு. செத்தவர் இரண்டு நிமிடம் கழித்து எழுந்துவந்து கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ரிலே கடிகாரம் தவறு என்றேன். அதிகாரி என்னையும் கூட்டிக்கொண்டே நிலையத்துக்கு வந்தார். நியாயமான மனிதர், பாருங்கள். ரிலேயின் சின்னத் திரையைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நொடிகூட வித்தியாசம் இல்லை. லேப்டாப்காரரைக் கேட்டோம். லேப்டாப்பைச் சொருகியவுடன் நேரத்தைச் சரிசெய்யவா என்று ஒரு கேள்வி வரும், எப்போதும் ஆமாம் என்று அழுத்திவிடுவேன், முன்பு என்ன நேரம் காட்டியது என்று பார்த்ததில்லை என்றார். பொய் சொல்லவில்லை. கடிகாரம் திருந்திவிட்டது, பழைய பதிவின் நேரம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதற்கு முன் என்ன பதிவு இருந்தது, ஒத்துப்பார்க்கலாமே என்றேன். வருடாந்தர சோதனையில் நினைவைத் துடைத்திருந்தார்கள். அன்று நடந்த முதல் டிரிப்பில் டிஃபரன்ஷியல் வாயே திறக்கவில்லை. புக்கோல்ஸ் கொடிக்கு நேரம் தெரியாது.

மற்ற மூன்று ஆபரேட்டர்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். கடிகாரம் தவறாக இருப்பதைக் கவனித்ததே இல்லை என்று மூவரும் எழுதிக் கொடுத்தார்கள். கவனித்தேன் என்றால் ஏன் புகார் செய்யவில்லை என்று மெமோ வரும். மூவருக்கும் குடும்பம் இருக்கிறது. எனக்குக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவரே அந்த மூவரில் ஒருவர். வெளியே வந்து என் தோளைத் தட்டிவிட்டு, தைரியமாக இரு என்று சொல்லிவிட்டுப் போனார். இன்ஜினியர் தன் பங்குக்கு, சோதித்துப் பார் என்றுதான் சொன்னேன், சார்ஜ் செய் என்று சொல்லவில்லை என்று எழுதினார்.

ஆக, கதை தயாராகிவிட்டது. பர்மிட் கொடுக்கும்போதே திரும்பக் கொடுத்ததாகவும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிற கூத்து பல நிலையங்களில் நடப்பதுதான். அதிகாரி பலபேரைப் பிடித்திருக்கிறார். அவர் கணக்குப்படி நான் அப்படி வாங்கி வைத்துக்கொண்டு, ஃபோர்மேன் இன்னும் வேலையில் இருக்கும்போதே அவசரப்பட்டு எர்த்தை எடுத்து சார்ஜ் செய்துவிட்டேன். 2.14-க்குக் கொன்றேன். 2.23 வரை யாருக்கும் போன் செய்யாமல் உட்கார்ந்து கணக்காக நேரங்களை எழுதினேன்.

"அந்த ஒம்போது நிமிஷம் என்னய்யா பண்ணினே?" என்று அதிகாரி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட மாதிரி கேட்டார்.

வீட்டில் என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். அங்கே அண்ணிக்கு இரண்டு பெண் குழந்தைகள், பெரியவளுக்கு ஒன்பது வயது. எனக்கு நேரத்துக்குச் சோறு வந்தது. ஆனால் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்காருகிற வழக்கம் நின்றுபோயிருந்தது. அவளும் ரிலேயை நம்புகிறாள் என்று நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றப் பத்திரிகை வந்த அன்று சாயங்காலம் அதை அவள் முன்னால் வீசினேன். உன் அண்ணனை நான் வேலை செய்யும்போதே கொன்றேனாம், நீயும் அதைத்தான் நம்புகிறாயா என்று கத்தினேன்.

அவள் காகிதத்தை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். தன் செல்போனை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினாள். அண்ணன் பெயர் இருந்தது. வந்த அழைப்பு. அந்தத் தேதி. நேரம் 2.18. பேசிய நேரம் மூன்று நிமிடம் நான்கு நொடி.

"சின்னவளுக்குக் காய்ச்சல், அண்ணிக்குத் துணையாப் போகச் சொல்லி போன் பண்ணினான்," என்றாள். "பேசிட்டே இருந்தான். 'இரு, உன் வீட்டுக்காரர் சத்தம் கேக்கச் சொல்லி நிக்க வெச்சிருக்காரு, வெச்சிடறேன்'னான். வைக்கல. அதுக்குள்ள ஆயிடுச்சு."

இவ்வளவு நாளும் அவள் அந்தச் சத்தத்தைத் தனியாகக் காதில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: 2.18-க்குப் பேசிய ஆள் 2.14-க்குச் செத்திருக்க முடியாது. தப்பித்தேன். எனக்கு வந்தது சந்தோஷம்தான். நாளை மறுநாள் விசாரணைக்கு அவளையும் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், இதைக் காட்டிவிடு என்றேன்.

"காட்டினா நீங்க தப்பிச்சுடுவீங்க. அவன்?"

எனக்குப் புரியவில்லை.

"பர்மிட் கையில இருக்கும்போது செத்தா அது வேலையில செத்தது. அண்ணிக்கு வேலை குடுப்பாங்க. பர்மிட்டக் குடுத்துட்டு உள்ள போய் நின்னு செத்தா, அது அவனா போய் விழுந்தது. நீங்கதான் எழுதியிருக்கீங்களே, தன்னிச்சையாகன்னு. ஆபீஸ்ல அண்ணிக்குப் படிச்சுக் காட்டினாங்க. நானும் கூட இருந்தேன்."

நான்தான் அனுப்பினேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன் என்றேன். சத்தியமாக அந்த நேரத்தில் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.

"இப்ப சொன்னா யார் நம்புவாங்க? உங்க நேரத்தையே ஒருத்தரும் நம்பல." அவள் குரல் உயரவில்லை. "அன்னைக்கே ஒரு வரி மாத்தி எழுதியிருந்தா, ரெண்டு பேரும் பொழைச்சிருப்பீங்க. அவன் பேரு பொழைச்சிருக்கும், உங்க வேலை போயிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும்."

 ஆனாலும் என் பெண்டாட்டி, பதினொரு வருடம் கூட வாழ்ந்தவள், என்னை ஜெயிலுக்கு அனுப்புவாளா, இரண்டு நாளில் மனம் மாறிவிடும் என்று நம்பிக்கொண்டு படுத்தேன். அவள் அண்ணனின் குழந்தைகளோடு படுத்துக்கொள்ள அந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

விசாரணை அறையில் அவள் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி குனிந்த தலை நிமிரவில்லை. அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். இறந்தவர் அன்றைக்குக் குடும்பத்தில் யாரிடமாவது பேசினாரா, பர்மிட் வேலை முடிந்ததாக ஏதாவது சொன்னாரா என்று. கேள்வி அப்படியே என்னைக் காப்பாற்றத் தயாராக நின்றது.

"இல்லைங்க சார். பேசல," என்றாள்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஒரு அறிக்கையில் பொய் எழுதிப் பட்டது போதும். நான் எழுந்து நின்றேன். இவள் பொய் சொல்கிறாள், இவள் போனை வாங்கிப் பாருங்கள், 2.18-க்கு அழைப்பு இருக்கிறது என்று சொன்னேன். சொந்த மனைவியை நோக்கி விரலை நீட்டிக்கொண்டு சொன்னேன். அண்ணி அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

என் மனைவி தயங்கவே இல்லை. பையைத் திறந்து போனை எடுத்து, பூட்டைத் திறந்து, அதிகாரியின் மேஜைமேல் வைத்தாள். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அந்தத் தேதியில் அவள் அம்மாவின் அழைப்பு இருந்தது, பள்ளிக்கூடத்தின் அழைப்பு இருந்தது, 2.23-க்குப் பிறகு நான் வரிசையாகச் செய்த ஆறு அழைப்புகள் இருந்தன. அண்ணன் பெயர் இல்லை. போன் கம்பெனியில் கேட்டால் இருக்கும், அவர்களிடம் அழிக்க முடியாது என்றேன். அதெல்லாம் போலீஸ் வேலை, அவர்களிடம் சொல்லிக்கொள் என்றார் அதிகாரி. போலீஸிடம் அவருடைய இரண்டு தாள்களும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன.

அவர் எழுத்தரைப் பார்த்து, குற்றம் சாட்டப்பட்டவர் துக்கத்தில் இருக்கும் குடும்பத்தாரையும் மிரட்ட முயன்றார் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு என்னிடம், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அந்த வரியைச் சொன்னேன். அவரை உள்ளே அனுப்பியது நான்தான், கேட்டுச் சொல்லச் சொன்னேன், அவர் தானாகப் போகவில்லை என்றேன். எழுத்தர் பேனாவைத் தூக்கினார். அதிகாரி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"இதை அன்னைக்கே எழுதியிருந்தா எழுதிக்கிட்டிருப்பேன்," என்றார்.

என் மனைவி போனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். அண்ணியின் கையைப் பிடித்து எழுப்பி, நான் நின்ற பக்கமாகத்தான் கதவு என்பதால் என்னைக் கடந்து, ஒதுங்கக்கூடச் சொல்லாமல் வெளியே போனாள்.